ரத்தினம்மாவின் ஐநூற்று இருபது

ரத்தினம்மா எச்சில் துப்புவதைப் பார்க்காதவர்களுக்கு அவளைப் பற்றி முழுதாகச் சொல்லிவிட முடியாது. நாகரிகமான பேச்சு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளுடைய கதையில் பாதி அந்தத் துப்பலில்தான் இருக்கிறது; மீதிப் பாதி என் மடமை.

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவள் ஸ்டோரில் வேலை செய்தாள். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்தில் யாரும் அதை வேறு பெயரால் சொல்வதில்லை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் இருபத்தொன்பது வருடம். அந்த அறையில் தூசி எப்போதும் பறந்துகொண்டே இருக்கும். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை, இவை இரண்டும்தான் அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு. வெற்றிலை தொண்டைக்குத் தூசி இறங்காமல் தடுக்கிறது என்பது அவளுடைய சொந்த ஆராய்ச்சி முடிவு. அந்த முடிவை எந்த டொக்டராலும் அசைக்க முடியவில்லை.

வெற்றிலை போட்டால் துப்பத்தான் வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே, முன்னால் ஓடும் சாக்கடைக் கானைத் தாண்டி, அதற்கு அப்பால் நிற்கும் வேலிக் கம்பத்தின் அடியைக் குறிபார்த்துத் துப்புவாள். சேலையில் ஒரு சொட்டு விழாது. எங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக் சுவரில் துப்பக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தோம். தனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவள் சொல்லிவிடுவாள். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் எப்படியோ வாசித்துவிடுவாள்.

அப்போது நான் கண்டியில் தாதிப் பயிற்சியின் இரண்டாம் வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளிரில் மூக்கு வடிய, எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்துகொண்டிருந்த காலம். செசிலியா என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. நோயாளிகளுக்கு எல்லாத் தாதிமாரும் மிஸ்ஸிதான், எனக்கு வயது இருபத்திரண்டுதான் என்பதால் ரத்தினம்மாவுக்கு மட்டும் நான் “சின்ன மிஸ்ஸி.”

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்துமா கிளினிக். மாணவர்களான எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வருகிற ஒவ்வொருவரையும் பீக் ஃப்ளோ மீற்றரில் ஊதவைத்து, எண்ணை அவரவர் கிளினிக் கொப்பியில் எழுதுவது. ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் அது. ஒரு முனையில் காகித ஊதுவாய், மேலே நீளமாக ஒரு பிளவு, பிளவின் பக்கத்தில் எண்கள், எண்களின் மேல் நகரும் ஒரு சின்ன முள். உள்ளே மெல்லிய சுருள்கம்பியில் தொங்கும் ஒரு தட்டு இருக்கிறது. ஊதினால் காற்று அந்தத் தட்டைத் தள்ளும். தட்டு நகர நகரப் பின்னால் பிளவு திறந்து காற்று வெளியேறிவிடும். காற்று எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு தூரம் போய்த் தட்டு நிற்கும். பிறகு கம்பி தட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆனால் முள் திரும்பாது, போன இடத்திலேயே நிற்கும். அதை வாசிக்க வேண்டும். அடுத்த முறை ஊதுமுன் விரலால் பூச்சியத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். எவ்வளவு காற்று வருகிறது என்பதை அல்ல, அதிகபட்சம் எந்த வேகத்தில் வருகிறது என்பதைத்தான் இந்தக் குழாய் அளக்கிறது, நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று. ஊதத் தொடங்கிய கண்ணிமைக்கும் நேரத்திலேயே அந்த வேகம் உச்சத்துக்குப் போய்விடும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால் அந்த வேகம் வராது. எழுப்பிக் கேட்டால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன். சொல்லத் தெரிவதும் செய்விக்கத் தெரிவதும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ரத்தினம்மா என் முன்னால் வந்து நின்ற முதல் நாள். ஐம்பத்து நாலு வயது, என் தோளுயரம். அந்த உயரத்துக்கும் வயதுக்கும் எங்கள் அட்டவணை முந்நூற்று அறுபது, எழுபது என்று காட்டியது.

“நேரா நில்லுங்கோ அம்மா. மூச்சை நல்லா உள்ளுக்கு இழுங்கோ. வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு ஒரேயடியா ஊதுங்கோ.”

அவள் மூச்சை இழுத்தாள். பிறகு அடுப்பு ஊதுகிற மாதிரி, நிதானமாக, நீளமாக, நெருப்பு அணையாத பக்குவத்தில் ஊதினாள். முள் நூற்று அறுபதில் நின்றது. இரண்டாம் முறையும் அதே அடுப்பு.

“இப்பிடி இல்லை அம்மா. நீளமா ஊதத் தேவையில்லை. பலமா, டக்கெண்டு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வெத்தல துப்புற மாதிரியா மிஸ்ஸி?”

“ஓம், ஓம். அதேதான்.”

அந்த இரண்டு ஓம்களுக்காக இன்றைக்கும் நான் என்னை மன்னிக்கவில்லை.

அவள் கன்னங்களை உப்பினாள். தலையைச் சற்றே பின்னுக்கு எடுத்தாள். ‘தூ’ என்று ஒரு வெட்டு. முள் நானூற்று எண்பதுக்குப் பறந்தது. அடுத்தது ஐநூறு. அதற்கடுத்தது ஐநூற்று இருபது. மூன்று முறை ஊதி, மூன்றில் பெரியதை எழுத வேண்டும் என்பது விதி. அழகான கையெழுத்தில் ஐநூற்று இருபது என்று எழுதினேன். நல்ல விளக்கம் கொடுத்தால் நோயாளி எப்படி முன்னேறுகிறார் பாருங்கள் என்று பக்கத்தில் நின்ற மாணவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அட்டவணை சொன்ன முந்நூற்று எழுபதை எங்கே மறந்தேன் என்று தெரியவில்லை. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்ற அளவில்தான் என் அறிவு நின்றது.

அன்று காத்திருப்போருக்கான நீள வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் அழகையா என்பவரும் இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஆறடி, மீசை. அவர் ஊதியது முந்நூற்றுப் பத்து.

“எவ்வளவு வந்துச்சு?” என்று ரத்தினம்மா அவரைக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் தன் கொப்பியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அழகையா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

அன்றிலிருந்து ரத்தினம்மா கிளினிக்கின் ராணி. செவ்வாய்க்கிழமைகளில் நல்ல சேலையில் வருவாள். புதிதாக வருகிறவர்களிடம் நோயை விசாரிக்காமல் எண்ணை விசாரிப்பாள். இருநூறு என்று சொன்னவர்களுக்கு ஆறுதல் சொல்வாள். ஸ்டோரில் கணக்கப்பிள்ளை வரைக்கும் ஐநூற்று இருபது போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் கிளினிக்கைப் பார்த்தவர் டொக்டர் பாயிஸா. மடவளை ஊர்க்காரர், மெல்லப் பேசுவார், பேசி முடித்தபிறகுதான் அடி விழுந்தது தெரியும். இரண்டு மாதம் அவர் ரத்தினம்மாவின் எண்ணைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

“ராவையில இருமல் ஈக்கிதா? மூச்சு முட்டுதா?”

“ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கேன்.”

“மேடு ஏற ஏலுமா?”

“ஓடியே ஏறுவேங்க.”

மூன்றாவது மாதமும் எண் அதே உயரத்தில் நின்றது, பதிலும் அதே பதில். டொக்டர், வாயில் அடிக்கிற மண்ணிறப் பம்பைப் பாதியாகக் குறைத்தார். இழுப்பு வந்தபின் அடிக்கிற நீலப் பம்ப் வேறு. மண்ணிறப் பம்ப் தினமும் அடித்தால் மூச்சுக்குழாய் வீங்காமல் காக்கும். அடித்தவுடன் ஒரு சுகமும் தெரியாது. அதனால்தான் யாருக்கும் அதன்மேல் மரியாதை கிடையாது. ரத்தினம்மா வீட்டுக்குப் போய்த் தானாகவே ஒரு கணக்குப் போட்டாள். ஐநூறு ஊதுகிறவளுக்குப் பாதிப் பம்ப் எதற்கு? முழுதாக நிறுத்திவிட்டாள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பம்பைக் குறைத்த ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, ஒரு த்ரீவீலர் கிளினிக் வாசலில் வந்து நின்றது. ரத்தினம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கழுத்துச் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. “மி… ஸ்ஸி…” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. வெற்றிலை மட்டும் கன்னத்தில் இருந்தது.

கதிரையில் உட்காரவைத்தோம். ஒரு முறை ஊதச் சொன்னார் டொக்டர். நான் குழாயை நீட்டினேன். இருந்த கொஞ்ச மூச்சோடு கன்னத்தை உப்பி, ‘தூ’ என்றாள்.

நானூற்று அறுபது.

டொக்டர் முள்ளைப் பார்த்தார், ரத்தினம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “ஒரு சொல்லு முழுசாப் பேச ஏலாத மனுசி நானூத்தி அறுபது ஊதுறாவாம். மெசின் பழுதா, இல்லாட்டி நாங்க பழுதா?”

முதலில் வைத்தியம் நடந்தது. முகத்தில் மாஸ்க்கை மாட்டி, ஒட்சிசனோடு மருந்துப் புகை கொடுத்தோம், விழுங்கக் குளிசை கொடுத்தோம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடி புகை. நான் ஒரு மூலைக்குப் போய், புது ஊதுவாய் மாட்டி, முள்ளைப் பூச்சியத்துக்குத் தள்ளி நானே ஊதிப் பார்த்தேன். நானூற்றுப் பத்து. என் உயரத்துக்கும் வயதுக்கும் ஏறக்குறைய சரி. மெசின் பழுதில்லை. அப்படியானால் பழுது எது என்று யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது.

பதினொரு மணியளவில் அவளுக்குப் பேச்சு வந்தது. வந்ததும் கேட்டது தண்ணீர் இல்லை. “சின்ன மிஸ்ஸி, துப்பணும்.”

கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கான். அவள் கன்னங்களை உப்பினாள். தலை சற்றே பின்னுக்குப் போனது. நாக்கு பல்லுக்குப் பின்னால் அடைத்து நின்று, சட்டென்று விட்டது. ‘தூ.’ சிவப்பு நீர் கானைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் பட்டது. மூச்சே எடுக்காமல் துப்பினாள். நெஞ்சு அசையவே இல்லை.

இத்தனை மாதமாக நான் பார்த்தது முள்ளை. இந்த முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். வாய்க்குள் காற்றைச் சேர்த்து, நாக்கால் அணை கட்டி, ஒரேயடியாகத் திறந்துவிடுகிறாள். கன்னத்துக் காற்று கொஞ்சம்தான், ஆனால் வேகம் பொல்லாதது. குழாய் கேட்பதும் வேகத்தை மட்டும்தான். அது நெஞ்சிலிருந்து வந்ததா கன்னத்திலிருந்து வந்ததா என்று பாவம் அந்தத் தட்டுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியது எனக்கு.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணத்துக்கு மேலும் நினைத்தேன். என் பயிற்சி அறிக்கையை எழுதுவது டொக்டரின் கையில்தான் இருந்தது. ஆனால் கொப்பியில் அந்த எண் நின்றால் மண்ணிறப் பம்ப் திரும்பி வராது. பம்ப் வராவிட்டால் இவள் இன்னொரு முறை இந்த வாசலில் உயிரோடு இறங்குவாளா என்பது நிச்சயமில்லை.

“டொக்டர், அவ துப்புறா,” என்றேன். “நான்தான் அப்பிடிச் சொல்லிக் குடுத்தனான்.”

டொக்டர் பாயிஸா பேனையை மூடி வைத்தார். “முழுசாச் சொல்லுங்க.” சொன்னேன். அடுப்பு, வெற்றிலை, இரண்டு ஓம்கள் எல்லாம். “கேள்வி கேக்காம நானும் மூணு மாசம் கையெழுத்துப் போட்டேன்,” என்றார் அவர். “வாங்க, ரெண்டு பேருமாச் சேந்து திருத்துவோம்.”

அதற்குள் மற்ற மாணவிகளும் கூடிவிட்டார்கள். வாங்கில் அழகையா வேறு. நான் ரத்தினம்மாவின் வாயைக் கழுவவைத்து, குழாயைக் கையில் கொடுத்தேன். விரல் பிளவை மறைக்கக்கூடாது. ஊதுவாய் பல்லுக்கு உள்ளே, நாக்கின் மேல் இருக்க வேண்டும். நாக்கு கீழே படுத்துக் கிடக்க வேண்டும். உதடு சுற்றிவர ஒட்ட வேண்டும். கன்னம் உப்பக்கூடாது.

“கண்ணாடியில ஆவி படிய ஊதுறமாதிரி, தொண்டையைத் திறந்து ‘ஹா’ எண்டு நெஞ்சால தள்ளுங்கோ. ஆனா மெல்ல இல்லை, ஒரே அடி.”

முதல் ஊதல், நூற்றுத் தொண்ணூறு.

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது ஒடஞ்சு போச்சு மிஸ்ஸி.”

“இல்லை அம்மா.”

“அப்ப நானூத்தி அறுபது ஊதுனது யாரு? மூணுல பெருசத்தானே எழுதணும்? நீங்கதானே சொன்னீங்க. அத எழுதுங்க.”

விதியைச் சரியாகத்தான் சொன்னாள். மாணவிகளில் ஒருத்தி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“அது கன்னத்துக் காத்து அம்மா, நெஞ்சுக் காத்து இல்லை. துப்புறமாதிரி ஊதச் சொன்னது நான். பிழை என்ரது, உங்கட இல்லை. அந்த எண்ணை நம்பித்தான் உங்கட பம்பைக் குறைச்சது.”

அவள் குழாயை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், “தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனேன். ஒரு தடவகூட மொதலாவதா வந்ததில்ல. ஸ்டோர்லயும் யாரு மொதலாவதுன்னு யாரும் கேக்கிறதில்ல. இங்கதான் வந்தேன்.”

இருபத்திரண்டு வயதில் அதுவரை யாரிடமும் பறித்திராத ஒன்றை அன்று பறித்தேன்; அதைக் கொடுத்தவளும் நானே. டொக்டர் கொப்பியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

ரத்தினம்மா அழகையாவைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். அவள் எழுந்து நேராக நின்றாள். தன் விரலாலேயே முள்ளைப் பூச்சியத்துக்குத் தள்ளினாள். நெஞ்சு நிறைய இழுத்து, கன்னத்தை உப்பாமல் ஊதினாள். இருநூறு. மறுபடி தள்ளினாள், மறுபடி ஊதினாள். இருநூற்றுப் பத்து.

“எழுதுங்க,” என்றாள். “இருநூத்திப் பத்து. இது என்னோடது.”

எழுதினேன். பழைய எண்களின் மேல் டொக்டர் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, ‘முறை பிழை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் பெயரை எழுதவில்லை. மண்ணிறப் பம்ப் பழைய அளவுக்குத் திரும்பியது. பம்ப் அடிப்பதற்கு முன் ஊதிப்பார்க்கும்படி ஒரு குழாயையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். காலையும் மாலையும் மும்மூன்று தரம். வரும் எண்ணை அட்டையில் அடையாளம் போடுவதற்கு மருமகள் இருந்தாள்.

ராணிப் பட்டம் போனதும் கொஞ்ச நாள் பழைய சேலையில் வந்தாள். பிறகு வேறொரு பதவியைத் தானே எடுத்துக்கொண்டாள். புது மாணவி யாராவது குழாயைக் கையில் எடுத்தால், ரத்தினம்மா வாங்கிலிருந்து குரல் கொடுப்பாள். “முள்ளப் பாக்காதீங்க மிஸ்ஸி, மொதல்ல அவுக வாயப் பாருங்க.” ஊதும்போது அழகையாவுக்கு இருமல் வந்து முள்ளை நானூற்றுக்குத் தள்ளியபோது, அதைச் செல்லாது என்று அறிவித்தவளும் அவளே. அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வெற்றிலையை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. அதில் நாங்கள் எல்லாரும் தோற்றுப்போனோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய். என் பயிற்சி அந்தக் கிளினிக்கில் முடியும் நாள். அவள் ஊதினாள்; நான் வாயைப் பார்த்தேன், நெஞ்சைப் பார்த்தேன், கடைசியாக முள்ளைப் பார்த்தேன். முந்நூற்று நாற்பது.

“நல்லா வந்திருக்கு அம்மா. ஐநூற்று இருபது இல்லையெண்டு கவலையோ?”

அவள் கொப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். “பஸ்ஸ விட்டு எறங்கினா எங்க லயத்துக்கு நூத்திப் பதினாலு படி மிஸ்ஸி. ஐநூத்தி இருபது ஊதின காலத்துல நாலு தடவ குந்திக் குந்தித்தான் ஏறினேன். டாக்டரம்மா கேட்டப்போ ஓடியே ஏறுறேன்னு சொன்னேன். அவ்வளவு பெரிய நம்பர வச்சுக்கிட்டு, மேடு ஏற முடியலன்னு எப்படிச் சொல்றது?”

சொல்லிவிட்டு, மருந்து வாங்கும் வரிசைக்குப் போய் நின்றாள்.